அத்தையின் டி.வி-யும் அந்த 28 யூனிட்டும்

மாமா இறந்ததிலிருந்து எங்கள் வீட்டு டி.வி. காலை 6 மணிக்கு ஓட ஆரம்பித்தால் இரவு 10 மணிக்குத்தான் நிற்கும். அத்தை உட்கார்ந்து பார்ப்பது மாலை சீரியல்கள் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அடுப்படியில் இருப்பார், பூத்தொடுப்பார், மதியம் கண்ணயர்வார். டி.வி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். யாராவது அணைத்தால் உடனே விழித்துக்கொண்டு, "ஏன் அணைச்ச? வீட்ல ஆள் சத்தமே இல்லாத மாதிரி இருக்கு" என்பார்.

போன டிசம்பரில் கரன்ட் பில் 528 யூனிட், 2,275 ரூபாய் வந்தது. அதற்கு முந்தைய பில்கள் 500-க்குள்தான் இருந்தன. என் கணவர் டி.வி-க்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். 110 வாட் என்று இருந்தது. ஒரு நாளைக்கு 16 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 105 யூனிட் என்று கணக்குப் போட்டு, "இதுதான் காரணம். அம்மாகிட்ட நீ சொல்லு" என்றார். அம்மாவிடம் அவர் சொல்ல மாட்டாராம், நான் சொல்ல வேண்டுமாம்! சொல்வதற்கு முன்னால் கணக்கு சரிதானா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் சந்தேகம் அந்த 110 வாட்டிலேயே வந்தது. ஸ்டிக்கரில் போட்டிருப்பது அந்த டி.வி. அதிகபட்சமாக இழுக்கக்கூடிய மின்சாரம். எப்போதும் அவ்வளவு இழுக்காது. உண்மையில் எவ்வளவு என்பதை வீட்டு மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் அதன் பக்கத்தில் 3200 imp/kWh என்று எழுதியிருந்தது. விளக்கு 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று அர்த்தம். இந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா சுவிட்சையும் அணைத்தேன். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். இன்வெர்ட்டரை மறந்துவிட்டேன். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கியது. பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது! அதன் சுவிட்சையும் அணைத்ததும் விளக்கு மினுக்காமல் நின்றது. அதன் பிறகு டி.வி-யையும் செட்டாப் பாக்ஸையும் மட்டும் போட்டுவிட்டு, மீட்டர் முன்னால் போனில் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். மீட்டரைத் தொடவே வேண்டாம், பார்த்தால் போதும்.

10 தடவை மினுக்க 141 விநாடி ஆனது. ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே 14.1 விநாடி. 36 லட்சத்தை மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்து, அதை இந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். எங்களுக்கு 80 வாட் வந்தது. வெளிச்சமான காட்சியில் கொஞ்சம் கூடும், இருட்டான காட்சியில் குறையும் என்பதால் மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு டி.வி-யை அணைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைத்து வைத்தேன். விளக்கு நின்றுவிடும் என்று நினைத்தால், 112 விநாடிக்கு ஒரு தடவை மினுக்கியது. அதாவது 10 வாட். ரிமோட்டில் அணைத்தாலும் அந்தப் பெட்டி ராத்திரி முழுக்க விழித்துத்தான் இருக்கிறது.

இப்போது கணக்கு. 80 வாட் வீதம் 16 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 1.28 யூனிட். 60 நாளைக்கு 77 யூனிட். இரவு 8 மணி நேரம் பெட்டி மட்டும் இழுப்பது 5 யூனிட். மொத்தம் 82. கணவர் சொன்ன 105 இல்லை.

ரூபாயாக மாற்றும்போதுதான் நான் ஏமாறப் பார்த்தேன். 2,275-ஐ 528-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 31 காசு. அப்படியானால் டி.வி-க்கு 353 ரூபாய்தானே? இல்லை. தமிழ்நாட்டில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்த யூனிட் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு 8.40 ஆவது மட்டுமில்லை, 2.35 ரூபாய் சலுகையும் போய், அந்த 100 யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அதிலேயே 235 ரூபாய் கூடுதல்.

சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் எங்கள் பில் 1,805 ரூபாய். 28 யூனிட் கூடியதற்கு 470 ரூபாய் கொடுத்திருக்கிறோம்! டி.வி-யே இல்லாமல் 446 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,465. ஆக, டி.வி-யின் 82 யூனிட்டுக்கு 810 ரூபாய். ஒரு பொருளை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, சராசரி விலையால் பெருக்கக் கூடாது. அது இருக்கும்போது வரும் பில்லையும் இல்லாவிட்டால் வரும் பில்லையும் தனித்தனியாகப் போட்டுக் கழிக்க வேண்டும்.

"பார்த்தியா, 810 ரூபாய்" என்று கணவர் ஆரம்பித்தார். ஆனால், அந்தக் கடைசி 28 யூனிட் டி.வி-யுடையதுதான் என்று எதில் எழுதியிருக்கிறது? குளிர் ஆரம்பித்ததிலிருந்து அவர் 3,000 வாட் கீஸரில் தினமும் குளிக்கிறார். அது 10 நிமிடம் ஓடினால் அரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். அதை நிறுத்தியிருந்தாலும் 500-க்குள் வந்திருப்போம். காகிதத்தில் எழுதி நீட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நாங்கள் குறைக்க வேண்டியது 82 அல்ல, 28 யூனிட்தான். டி.வி. கடையில் வைத்திருந்த மாதிரியே கண்கூசும் வெளிச்சத்தில் இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் மின்சாரம் சேமிக்கும் முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி எண்ணினேன். 80 வாட் 60 ஆனது. இரண்டு மாதத்தில் 19 யூனிட் மிச்சம். இரவில் செட்டாப் பாக்ஸைச் சுவிட்சிலேயே அணைப்பதால் 5 யூனிட்.

மீதிக்கு என்ன செய்வது என்று தேடியபோது, சத்தம் மட்டும் வந்து படம் அணைந்திருக்கும் வசதி ஒன்று எங்கள் டி.வி-யில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். எல்லா டி.வி-யிலும் இது இருக்காது. பெட்டியோடு சேர்த்து 30 வாட்தான். அத்தை தூங்குவதும் பூத்தொடுப்பதுமான மதியம் 4 மணி நேரம் இப்படி ஓடினால் இன்னும் 7 யூனிட் குறையும்.

மறுநாள் மதியம் அத்தை கண்ணயர்ந்ததும் படத்தை மட்டும் அணைத்தேன். செய்தி வாசிக்கும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் விழிக்கவில்லை. எழுந்த பிறகு இருட்டாக இருந்த திரையைப் பார்த்து, "படம் போயிருச்சே" என்றார். விவரத்தைச் சொன்னேன். "சத்தம் இருந்தா போதும்மா. உங்க மாமா பேப்பரைச் சத்தமாத்தான் படிப்பாரு, நான் எங்க பேப்பரைப் பார்த்தேன்" என்றார்.

அடுத்த பில் 497 யூனிட், 1,786 ரூபாய். அத்தையின் டி.வி. இப்போதும் காலை 6 மணிக்கு ஆரம்பித்து இரவு 10 மணிக்குத்தான் நிற்கிறது.