வராத தவணைகள்

பள்ளிமுனைக்குப் பெருக்குமரம் பார்க்க வருகிறவர்கள் எங்கள் கடற்காற்றை மெச்சிவிட்டுப் போவார்கள். அதனோடு ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்களுக்கோ அதன் மற்றொரு முகமும் தெரியும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே சோளகம், உப்பை அள்ளிவந்து உலோகத்தையும் தின்கிறது.

எங்கள் பாடசாலையின் கணினிக்கூடத்தில் இரண்டு குளிரூட்டிகள் உண்டு. அவை ஆடம்பரப் பொருள்கள் அல்ல. ஜன்னலைத் திறந்தால் உப்பு கணினிக்குள் புகும். மூடினாலோ பிள்ளைகள் வெந்துபோவார்கள். இவற்றைப் பராமரிக்கப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வெளியூர் நிறுவனமொன்றோடு ஓராண்டு ஒப்பந்தம் செய்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு தவணைச் சேவை. கட்டணம் 48,000 ரூபா, முழுவதும் முற்பணம். அதில் பெரும்பகுதி, கடற்றொழில் செய்யும் பெற்றோர் மீன் விற்றுத் தந்த காசு.

தவணைக்கு வருகிறவர் செய்யவேண்டிய வேலை என்ன? உள்பெட்டியின் வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவவேண்டும். நீர் வடிகுழாயின் அடைப்பை எடுக்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, சுவருக்கு வெளியே நிற்கும் பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். அதனுள்ளே செப்புக் குழாயின்மீது மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கும். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிபடும். தகடு பொடியாக உதிரும், வெப்பம் வெளியேற வழியிராது, இயந்திரம் திணறும், மின்கட்டணம் ஏறும். உள்நாட்டில் ஒரு தவணை தவறினால் தூசிதான் சேரும். கடற்கரையில் தவறினால் பொருளே போய்விடும்.

முதல் தவணைக்கு ஆள் வந்தார். இரண்டாவதற்கு வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "அடுத்த கிழமை" என்றார்கள். மூன்றாவதும் போயிற்று. இதற்குள் ஒரு குளிரூட்டியின் உள்பெட்டியில் பனிக்கட்டி படிந்து, மேசைமேல் நீர் சொட்டியது. பனி படிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு: வடிகட்டி அடைபட்டுக் காற்றோட்டம் குறைவது ஒன்று, குளிர்வாயு கசிந்து குறைவது மற்றொன்று. வடிகட்டியைக் கழுவிப் பார்த்தோம். பனி மீண்டும் படிந்தது. வெளிப்பெட்டியின் குழாய் மூட்டில் எண்ணெய்க் கறை தெரிந்தது. வாயு கசியும் இடத்தில் அதனோடு எண்ணெயும் வெளிப்படும். உயர்தர வகுப்பின் செய்முறைப் பாடங்கள் இரண்டு வாரம் நின்றன.

பலமுறை அழைத்தபின் தொழில்நுட்பர் வந்தார். இளைஞர். மூட்டை ஒட்டி, வாயு நிரப்பிவிட்டுச் சொன்னார்: "சேர், மூண்டு மாவட்டத்துக்கு நான் ஒராள்தான். தவணைக்குப் போக எனக்கு நேரமில்லை. பழுதெண்டு கத்திற இடத்துக்குத்தான் அனுப்புறாங்கள்." அவர்மீது எனக்குக் கோபமில்லை. எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயினவோ அத்தனைக்கும் முற்பணம் வாங்கியவர்கள், வேலைக்கு ஒரே ஒருவரை வைத்திருக்கிறார்கள். மிச்சப்படுவது அவர் பெறாத கூலியும் நாங்கள் பெறாத சேவையுந்தான்.

சங்கக் கூட்டத்தில் ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாக வாசித்தோம். குறையைத் திருத்த 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்த பின்னரே முறிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆகவே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். சினச் சொற்கள் எவையும் அதில் இல்லை. தவறிய தவணைகள், நாங்கள் அழைத்த திகதிகள், வாயிற் பதிவேட்டின் பிரதி, ஒரே ஒரு கையொப்பம் உள்ள சேவை அட்டையின் பிரதி, இவ்வளவே. முப்பது நாளும் கழிந்தன, எவரும் வரவில்லை. முறிப்புக் கடிதத்தில் மூன்று தவணைக்கான 36,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டோம்.

அப்போதுதான் நிறுவனம் வாய் திறந்தது. பனி படிந்தபோது ஆள் வந்ததும் ஒரு தவணையே என்றார்கள்! ஒப்பந்தமோ பழுது பார்க்கும் வரவையும் தவணைச் சேவையையும் வெவ்வேறு பந்திகளில் வைத்திருந்தது. அன்று வெளிப்பெட்டி கழுவப்படவும் இல்லை. சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்வதாக ஒவ்வொரு வணிகனும் உறுதியளித்ததாகவே கொள்ளும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அச்சபையிடம் முறையிடுவோம் என்று மறுமொழி எழுதினோம். பின்னர் 30,000 ரூபாவுக்குக் காசோலை வந்தது. மீதிக்காக இழுத்தடிக்கவேண்டாம் எனச் சங்கம் தீர்மானித்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் பெரும்பான்மையின் முடிவு.

இப்போது மன்னார் நகரிலுள்ள ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். வெளிப்பெட்டி கழுவப்பட்டதை ஆசிரியர் ஒருவர் நின்று பார்த்து அட்டையில் கையொப்பமிட்ட பின்னர் அன்றைய கூலி அன்றே கொடுக்கப்படுகிறது. சோளகக் காலத்தில் இடையிடையே உயர்தர மாணவர்களும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வாளித் தண்ணீரால் தகடுகளை மெல்ல அலசுகிறார்கள். ஒரு பெட்டியின் கீழ்மூலையில் கையகலத்துக்குத் தகடுகள் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டன. அது எத்தனை சோளகம் தாங்குமோ.