ஓரமா எடுத்து வை அம்மணி!

2025 ஆகஸ்ட் 27-ம் தேதியைத் திருப்பூரில் யாரும் மறக்க மாட்டார்கள். இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி முழுசாக அமலுக்கு வந்த நாள். என் கணவர் எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். செப்டம்பர் கடைசியில் மூன்று மெஷின்தான் ஓடியது. கடன் தவணையோ மாதா மாதம் 10-ம் தேதி தவறாமல் வந்து நின்றது.

வீட்டு முன்னறையில் குழந்தைகளுக்கான ஜப்லா, பனியன், டிராயர் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் உண்டு. அதுவரை பொழுதுபோக்காக நடத்தியதை, இனி வருமானத்துக்காக நடத்த வேண்டிய நிலை.

அந்த வாரமே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு ரீல்ஸ் வெளியிட்டேன். ரீச் 41,000! வீடே அதிருகிற மாதிரி கத்தினேன். ஆனால், அந்த ரீல்ஸைப் பார்த்து வந்த ஆர்டர் இரண்டே இரண்டு.

காதர்பேட்டையில் பல வருஷம் பனியன் கடையில் நின்றவர் என் மாமியார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தார்.

"நாப்பதாயிரம் பேரு தெருவுல போனாங்க, செரி. அதுல எத்தனை பேரு, 'இத ஓரமா எடுத்து வைங்க, அப்புறம் வாரேன்'ன்னாங்க? எத்தனை பேரு அக்கா தங்கச்சியக் கூட்டியாந்தாங்க? அதச் சொல்லு அம்மணி."

"அதெல்லாம் போன்ல எப்படிங்க அத்தை தெரியும்?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. தெரியும்! ஓரமாக எடுத்து வைப்பதுதான் சேவ். தங்கச்சியைக் கூட்டி வருவதுதான் ஷேர். தெருவில் போகிறவர்கள் ரீச்.

இந்த எண்களைப் பார்க்க, கணக்கை புரொபஷனல் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். செட்டிங்ஸில் இலவசமாகவே மாற்றலாம். மாற்றிய பிறகு போடும் பதிவுகளுக்குக் கீழே View insights என்று வரும். அதைத் தொட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சேவ் செய்தார்கள், ஷேர் செய்தார்கள் எல்லாம் தெரியும்.

ஒரு நோட்டுப் போட்டேன். நான்கு வாரத்தில் 12 பதிவு. எல்லாமே போட்டோ, எல்லாமே மொட்டை மாடி வெளிச்சத்தில் எடுத்தது, எல்லாமே இரவு எட்டரைக்கு. ரீல்ஸைக் கலக்கவில்லை. போட்டோவும் நேரமும் மாறிக்கொண்டே இருந்தால், வித்தியாசம் எழுத்தால் வந்ததா, வேறெதனால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாதே! மாற்றியது கேப்ஷனை மட்டும். அதிலும் முதல் வரியில்தான் அதிகக் கவனம். பக்கத்தை உருட்டிக்கொண்டு போகிறவருக்கு முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும். மீதிக்கு more-ஐத் தொட வேண்டும்.

மூன்று விதமாக எழுதினேன். ஒவ்வொன்றிலும் நான்கு பதிவு.

முதல் வகை, விலை கூவுவது. 'மூன்று ஜப்லா 199 ரூபாய், ஸ்டாக் தீர்வதற்குள் வாங்க!'

இரண்டாவது, சந்தேகம் தீர்ப்பது. 'சைஸ் 22 என்றால் எந்த வயசுக் குழந்தைக்கு?' என்று தொடங்கி, கீழே பதில். குழந்தைக்குச் சரியாக இருக்கிற பழைய பனியனைத் தரையில் விரித்து, ஓர் அக்குளில் இருந்து மறு அக்குள் வரைக்கும், தோளிலிருந்து கீழ் மடிப்பு வரைக்கும் அளந்து பாருங்கள் என்று எழுதி, எங்கள் துணியின் அளவையும் இஞ்சில் கொடுத்தேன்.

மூன்றாவது, வீட்டுப் பேச்சு. 'முதல் பேரனுக்கு ஒரு டஜன் ஜப்லா வாங்கி, ஒன்றைக்கூடப் போட விடாமல் பீரோவில் பூட்டும் பாட்டி உங்கள் வீட்டிலும் உண்டா?'

ஒவ்வொரு பதிவையும் ஏழு நாள் கழித்துத்தான் நோட்டில் ஏற்றினேன். சேவ் மெதுவாக ஏறும். மறுநாளே பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். விலைப் பதிவுகளுக்கு மொத்த ரீச் 4,200, சேவ் 13, ஷேர் 10. சைஸ் பதிவுகளுக்கு ரீச் 2,900 தான். ஆனால் சேவ் 96, ஷேர் 17. பாட்டிப் பதிவுகளுக்கு ரீச் 3,600, சேவ் 20, ஷேர் 79.

ரீச் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு என்பதால், ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்தேன். ஆயிரம் பேர் பார்த்தால் விலைப் பதிவை சேவ் செய்தது 3 பேர், சைஸ் பதிவை 33 பேர். ஷேரில் சைஸ் பதிவுக்கு 6, பாட்டிப் பதிவுக்கு 22. ரீச்சை மட்டும் பார்த்திருந்தால் விலைப் பதிவுதான் முதலிடம்!

'எனக்கு அப்புறம் தேவைப்படும்' என்று நினைக்கிறவர் சேவ் செய்கிறார். 'இது அப்படியே நம்ம அம்மாதான்' என்று சிரிக்கிறவர் தங்கைக்கு அனுப்புகிறார். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரியும் 2025 ஜனவரியில் இதையொட்டி ஒன்று சொன்னார். நம்மைப் பின்தொடராத புதியவர்களிடம் ஒரு பதிவு போய்ச் சேர, பார்த்தவர்களில் எத்தனை பேர் அதை மற்றவருக்கு அனுப்பினார்கள் என்பது முக்கியமாம்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பாட்டிப் பதிவுகளின் 79 ஷேரில் 31 ஒரே பதிவில் வந்தவை. அந்த ஒரு பதிவின் அதிர்ஷ்டத்தில் மற்றவையும் நல்லதாகத் தெரிகின்றனவோ? அதை நீக்கிவிட்டு மற்ற மூன்றுக்கு மட்டும் கணக்குப் போட்டேன். அப்போதும் ஆயிரத்துக்கு 22 வந்தது. நிம்மதி. அப்படி வராமல் 5, 6 என்று இறங்கியிருந்தால், இன்னும் ஒரு மாதம் போட்டுப் பார்த்திருப்பேன்.

அடுத்து ஒரு தப்பு செய்தேன். விலைப் பதிவுக்கு சேவும் இல்லை, ஷேரும் இல்லை என்றதும் கேப்ஷனில் விலை எழுதுவதையே விட்டேன். 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்று போட்டேன். பத்தே நாளில் ஆர்டர் பாதியானது.

ஏன் என்று வாட்ஸ்அப்பைத் திறந்து பழைய ஆர்டர்களைப் பார்த்தபோது புரிந்தது. பல பேர் என் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பித்தான் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது சேவ் கணக்கிலும் வராது, ஷேர் கணக்கிலும் வராது. விலை தெரிந்தவர்கள் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. யார் சேவ் செய்தார்கள் என்ற பெயரும் நமக்குக் காட்டாது. எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து ஆர்டர் கொடுக்கிற எல்லோரிடமும், "எந்தப் பதிவைப் பார்த்துட்டு வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் இன்னொரு கட்டம் போட்டேன். அடுத்த மாதம் சொன்னவர்கள் 25 பேர். சைஸ் பதிவைப் பார்த்து 14, பாட்டிப் பதிவைப் பார்த்து 6, விலைப் பதிவைப் பார்த்து 5. சைஸ் பதிவைச் சொன்னவர்களில் பலர் அதைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சம்பளம் வந்த பிறகு வந்தவர்கள். பாட்டிப் பதிவைச் சொன்ன ஆறு பேருமே புதியவர்கள்.

இப்போது வாரத்துக்கு மூன்று பதிவு. இரண்டு சந்தேகம் தீர்ப்பது, ஒன்று வீட்டுப் பேச்சு. விலை எல்லாவற்றிலும் உண்டு, கடைசி வரியில்.

என் கணவரின் மெஷினில் இரண்டு இப்போது எங்கள் கடைக்கான ஜப்லாவைத்தான் தைக்கின்றன. முழுத் தவணைக்கு அது போதாது, பாதிக்குப் போதும்.

போன வாரம் மாமியார் கேட்டார்: "இன்னிக்கு எத்தனை பேரு ஓரமா எடுத்து வைச்சாங்க அம்மணி?"

"முப்பத்தொண்ணுங்க அத்தை."

"அப்ப அந்தத் துணிய வித்துப்புடாத. சம்பளத் தேதிக்கு வருவாங்க."

அந்த சைஸில் நாலு டஜன் கூடுதலாக வெட்டச் சொல்லிவிட்டேன்.