சம்ப் கசிகிறதா? பென்சில் கோடு சொல்லும்

வீடு கட்டும் பிள்ளைகள் சிலர் சம்ப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கும்பகோணத்தில் என் தம்பி கட்டும் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன்.

அங்கே சம்ப் முழுக்க கான்கிரீட். உள்ளளவு 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம். கோட்டிங் அடிக்கும் முன்பே நாலடி தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டோம். மறுநாள் 3 அங்குலம் இறங்கியிருந்தது.

"கான்கிரீட் குடிக்குது டீச்சர்" என்றார் மேஸ்திரி. புதுக் கான்கிரீட் கொஞ்சம் குடிக்கும், உண்மைதான். ஆனால் இந்தச் சம்ப்பில் 1 அங்குலம் என்றால் சுமார் 113 லிட்டர். தினமும் 300 லிட்டரையா குடிக்கும்? பத்தாம் நாள், தரையிலிருந்து இரண்டரை அடியில் மட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டை அந்த உயரத்தில்தான் என்று பொருள். சரியாக அங்கேதான் ஒரு நாள் கான்கிரீட் போட்டு நிறுத்தி, மறுநாள் தொடர்ந்த ஜாயிண்ட் இருந்தது.

தம்பிக்குத் தண்ணீர் போவதுகூடப் பெரிதில்லை. செப்டிக் டேங்க் 15 அடி தள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது சம்ப்பில் தண்ணீர் குறைவாக இருந்தால், அதே வழியாக அழுக்கு உள்ளே வருமே!

மேஸ்திரி ஜாயிண்டின் மேலேயே கோட்டிங் அடித்துவிடலாம் என்றார். நாங்கள் வாங்கியது கிரிஸ்டலைன் பவுடர். அது ஈரத்தில் கான்கிரீட்டின் நுண்துளைக்குள் படிகமாக வளர்ந்து அடைக்கும். மயிரிழை விரிசலை மூடும். வாய் பிளந்த ஜாயிண்டை மூடாது. அதனால் ஜாயிண்ட் நெடுக ஓர் அங்குல ஆழம் வெட்டி, சுருங்காத கலவையால் அடைத்தோம். சுவரும் தரையும் சேரும் மூலையைச் சரிவாகப் பூசினோம்.

அடுத்து சுவரை நன்றாக நனைத்தோம். காய்ந்த சுவரில் அடித்தால் கோட்டிங்கிலுள்ள ஈரத்தைச் சுவர் உறிஞ்சி, அது மாவாக உதிரும். தண்ணீர் வழிந்துகொண்டிருந்தாலும் பிடிக்காது. ஈரம் மட்டும் இருக்கும்போது, பிரஷ்ஷால் முதல் கோட் மேலும் கீழுமாக, அது முழுதும் காயுமுன் இரண்டாவது குறுக்காக. பிறகு மூன்று நாள் தண்ணீர் தெளித்தோம்.

பையில் போட்டிருந்த நாள் கணக்குப்படி விட்டு, முழுதாக நிரப்பினோம். மோட்டார் போடவில்லை, வரும் குழாயையும் மூடியாயிற்று. முதல் ஏழு நாள் கணக்கில் இல்லை, கான்கிரீட் குடிக்கட்டும். அதன்பின் கோடு போட்டு, தினமும் ஒரே நேரத்தில் ஏழு நாள் அளந்தோம். மூடிய நிலத்தடித் தொட்டியில் ஏழு நாளில் எவ்வளவு வரை இறங்கலாம் என்பதற்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3370 ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இங்கே 8 மில்லிமீட்டர்தான். அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, கழுவிய பிறகே குடிதண்ணீர் விட்டோம்.

செங்கல் சம்ப் வைத்திருப்பவர்கள் கிரிஸ்டலைன் வாங்காதீர்கள்; அது வேலை செய்யக் கான்கிரீட் வேண்டும். பூச்சின் மேல், பவுடரும் பாலும் கலக்கும் பாலிமர் சிமெண்ட் கோட்டிங் அடியுங்கள். அதில் மேஸ்திரி தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.