எட்டுச் சொல்லுக்குள் ஒரு தலைப்பு

இரண்டு வாரமாக ஏன் பதிவு எதுவும் இல்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். விவரமாகவே சொல்கிறேன். உங்களில் பாதிப்பேர் அலுவலகத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிற வேலையில் இருப்பவர்கள்தானே.

என்னிடம் படித்த ஒருத்தி இன்று ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. பள்ளியில் மாணவிகள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய்விட்டது. ஓர் அறக்கட்டளை உதவ முன்வந்து, பதினைந்து நிமிடம் நேரம் கொடுத்திருக்கிறது. நிபந்தனை இரண்டு: பத்து ஸ்லைடுக்கு மேல் கூடாது, எந்த ஸ்லைடின் தலைப்பும் எட்டுச் சொல்லைத் தாண்டக் கூடாது. அவள் போன் போட்டு, "டீச்சர், நீங்கதான் அப்பவே என் கட்டுரையில பாதியைச் சிவப்பு மையில அடிப்பீங்க. இதையும் அடிச்சுக் குடுங்க" என்றாள்.

அவள் அனுப்பிய இரண்டாவது ஸ்லைடின் தலைப்பு இது:

"எங்கள் பள்ளியில் மாணவிகளின் வருகைப்பதிவில் ஏற்பட்டுள்ள குறைபாடுகள் குறித்து மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் அடிப்படையில் கண்டறியப்பட்ட முக்கிய விவரங்கள்"

பதின்மூன்று சொல். முதலில் எளிதாகப் போவதை எடுத்தோம். முதல் ஸ்லைடிலேயே பள்ளியின் பெயர் இருக்கிறது, ஆகவே "எங்கள் பள்ளியில்" வேண்டாம். "குறித்து", "அடிப்படையில்" இரண்டும் ஒட்டுப்போடுகிற சொற்கள். "முக்கிய" என்பது சும்மா உட்கார்ந்திருக்கிற சொல், முக்கியமில்லாததை யாராவது ஸ்லைடில் போடுவார்களா? ஐந்து சொல் போனது, எட்டு வந்துவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மிச்சத்தைப் படித்துப் பார்த்தால் வாக்கியம் எலும்பு எலும்பாகக் கிடக்கிறது, பொருளும் இல்லை.

காரணம் வினைச்சொற்கள். "ஏற்பட்டுள்ள", "மேற்கொள்ளப்பட்ட", "கண்டறியப்பட்ட" என்று மூன்று இருக்கின்றன. மூன்றிலும் செய்கிறவர் யாரும் இல்லை. இந்த மாதிரி வினைகள் தனியாகவும் நிற்காது. பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் வேண்டும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு "குறித்து" வேண்டும். ஒரு மெலிந்த வினை இப்படி இரண்டு மூன்று சொல்லைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். அதனால் நிரப்புச் சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயனில்லை. வினையை மாற்றினால் கூட்டமே கலைந்துவிடும்.

தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. வினைமுற்றின் வாலிலேயே செய்தவர் யார் என்பது இருக்கிறது. "எங்களால் கணக்கெடுப்பு மேற்கொள்ளப்பட்டது" என்பது மூன்று சொல். "கணக்கெடுத்தோம்" ஒரே சொல், "நாங்கள்" அதற்குள்ளேயே இருக்கிறது. படு, மேற்கொள், நடைபெறு, காணப்படு, ஏற்படு என்று முடிவதைப் பார்த்தால் நான் பக்கத்துப் பெயர்ச்சொல்லைத்தான் பார்ப்பேன். உண்மையான வினை பெரும்பாலும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

இவளுடைய தலைப்பில் அதுவும் இல்லை. "விவரங்கள்" என்றுதான் முடிகிறது. "அந்த விவரம் என்னம்மா? வாயால சொல்லு" என்றேன். "எட்டாம் வகுப்புல இருபத்திரண்டு பொண்ணுங்க டீச்சர். அதுல பதினாலு பேர் மாசத்துல மூணு நாளாவது வீட்டிலேயே இருந்துடுறாங்க. தண்ணி இல்லாததாலதான்" என்றாள். அதை எழுதச் சொன்னேன்.

எழுதினாள்: "எட்டாம் வகுப்பு மாணவிகள் மாதம் 3 நாள் வருவதில்லை." ஏழே சொல். ஆனால் வகுப்பில் எல்லாப் பெண்களும் வராத மாதிரி ஆகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர் வருகைப்பதிவேட்டைக் கேட்டால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. ஆகவே 14 வேண்டும். பதினான்கு என்றால் எத்தனையில் பதினான்கு? இருநூறிலா, இருபத்திரண்டிலா? 22-ம் வேண்டும். அவள் சொன்ன "மூணு நாளாவது" என்பதும் வேண்டும், சிலர் ஐந்து நாளும் வராமல் இருக்கிறார்கள். "குறைந்தது 3 நாள்" என்று தனிச்சொல் போடாமல் "நாளாவது" என்று ஒட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். இங்கே ஒரு குழி இருக்கிறது. "3 நாளாவது வருவதில்லை" என்று எழுதினால், மாதத்தில் மூன்று நாள்கூட பள்ளிப் பக்கம் வருவதில்லை என்றும் படிக்கலாம்! "ஆவது" பக்கத்தில் "இல்லை" வந்தால் பொருள் தடுமாறும். அதனால் எதிர்மறையை விட்டுவிட்டு, அவள் வாயால் சொன்ன வீட்டையே திரும்பக் கொண்டுவந்தோம்.

"22-இல் 14 மாணவிகள் மாதம் 3 நாளாவது வீட்டில் தங்கிவிடுகிறார்கள்"

எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு. எட்டாம் வகுப்பு என்பது கீழே உள்ள படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போய்விட்டது.

அடுத்த ஸ்லைடு என் கணக்கில் இதைவிட ஆபத்தானது. "பள்ளியின் கழிப்பறை வசதிகளைப் பொறுத்தவரையில் தண்ணீர் வசதியில் சில குறைபாடுகள் காணப்படுகின்றன." ஒன்பது சொல். "சில"-வை எடுத்தாள், எட்டாயிற்று, அடுத்ததற்குப் போய்விட்டாள். அளவு சரியாக இருப்பதாலேயே கெட்ட தலைப்பு தப்பித்துவிடும். "யாரு காண்றாங்க? என்ன குறைபாடு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள், சமையலுக்காக வரும் தண்ணீரில் காலையில் ஒரு டிரம் பிடித்து வைக்கிறார்களாம், இடைவேளை முடிந்ததும் அது காலியாம். தலைப்பு இப்படி ஆனது: "மாணவிகள் கழிப்பறையில் 11 மணிக்கு மேல் தண்ணீர் இல்லை." "காலை 11" என்றுதான் முதலில் எழுதினாள். ராத்திரி பதினொன்றுக்குப் பள்ளிக்கூடம் ஏது? "காலை" போனது. ஏழு சொல். மிச்சம் ஒன்று இருக்கிறதே என்று எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

எங்கள் தலைமுறைக்கு இது புதிதில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தும்வரை, சொல்லுக்குக் காசு என்ற பயம் எங்களுக்கு இருந்தது. "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று நாலே சொல்லில் ஊரையே பஸ் ஏற வைத்தோம். அதில் "உடல்நிலையில் பின்னடைவு காணப்படுகிறது" என்று யாரும் எழுதவில்லை.

நான்காவது ஸ்லைடில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அவள் எழுதியது: "மோட்டார் பழுது தொடர்பாக ஏற்கனவே பலமுறை உரிய அலுவலகத்தின் கவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டும் நடவடிக்கை மேற்கொள்ளப்படவில்லை." பதினொன்று. நான் "3 முறை எழுதினோம், பதில் இல்லை" என்று வெட்டினேன். அவள் பதறிவிட்டாள். "டீச்சர், பதில் இல்லைனு போட்டா நான் யாரையோ குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். நாளைக்கு அங்கதானே போய் நிக்கணும்?" அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. செய்தவரை மறைக்கிற வினையை ஆட்கள் தெரியாமல் மட்டும் எழுதுவதில்லை, தெரிந்தும் எழுதுகிறார்கள். ஆனால் மறைப்பதற்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. "மோட்டார் பழுது: 3 கடிதம் எழுதியும் சரியாகவில்லை." ஆறு சொல். "சரியாகவில்லை" என்பது மோட்டாரின் வினை, யார் மேலும் விரல் நீட்டவில்லை. "பலமுறை" என்பதற்குப் பதிலாக மூன்று என்ற எண் வந்ததால் முன்பைவிட உறுதியாகவும் இருக்கிறது. அவளும் சரி என்றாள்.

கத்தி பழகிவிட்டால் எல்லாவற்றையும் வெட்டத் தோன்றும். மோட்டாருக்கும் தொட்டிக்கும் ஆகும் செலவைச் சொல்லும் ஸ்லைடில் அவளே "சுமார்" என்பதைத் தூக்கிவிட்டாள். நான் திரும்ப வைத்தேன். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்ன விலை அது, எழுதி வாங்கிய விலை இல்லை. சுமார், மட்டும், வரை, கூட இவையெல்லாம் சின்னச் சொற்கள்தான், ஆனால் எடுத்தால் உண்மை மாறிவிடும். ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். செய்தி மாறவில்லை என்றால் அது நிரப்புச் சொல். மாறுகிறது என்றால் வேறு எங்காவது இடம் தேடுங்கள்.

இன்னொரு குறுக்கு வழியையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணும். அதனால் தமிழில் இரண்டு மூன்று சொல்லை ஒட்டிவிட்டால் கணக்கு குறைந்துவிடும். "கவனத்திற்குக்கொண்டுசெல்லப்பட்டும்" என்று ஒரே சொல்லாக எழுதிக் காட்டினாள், குறும்புக்காரி. படிக்கிறவர் கண்ணுக்கு அது ஒரு சொல் இல்லையே. தமிழ்ச் சொற்கள் நீளம் வேறு. பெரிய எழுத்தில் எட்டுச் சொல்லே இரண்டு வரி பிடிக்கும். பெட்டிக்குள் அடங்காவிட்டால் பவர்பாயிண்ட் தானாகவே எழுத்தைச் சிறிதாக்கிவிடும். ஸ்லைடுகளை வரிசையாகத் தள்ளும்போது ஏதாவது ஒன்றின் தலைப்பு மட்டும் மெலிந்து தெரிந்தால், அங்கே வெட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்ததும் படங்களை விட்டுவிட்டு, தலைப்புகளை மட்டும் போனில் வரிசையாகப் படிக்கச் சொன்னேன். நீளமாக இருந்தபோது தெரியாதது அப்போது தெரிந்தது, ஆறாவதும் ஏழாவதும் ஒரே செய்தி. ஒன்றை எடுத்தாள். ஒரே சொல்லில் "அறிமுகம்" என்றிருந்த ஸ்லைடு அளவுக்குள்தான் இருந்தது, ஆனால் அது எதையும் அறிமுகப்படுத்தவில்லை. அதையும் எடுத்தாள். இப்போது எட்டு ஸ்லைடு.

கடைசி ஸ்லைடு மட்டும் இன்னும் ஒன்பது சொல்லில் நிற்கிறது: "மோட்டாரைத் தினமும் இரு வேளை போட்டு நிறுத்த இரண்டு தாய்மார்கள் தயார்." "போட்டு நிறுத்த" என்பதை "இயக்க" என்று மாற்றினால் எட்டாகிவிடும். ஆனால் பழைய மோட்டார் எரிந்ததே, போர் தண்ணீர் வற்றிய பிறகும் நிறுத்த ஆள் இல்லாமல் வெறுமனே ஓடியதால்தான். ஆகவே "நிறுத்த" என்ற சொல்லை விட அவளுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. வேறு எந்தச் சொல்லை எடுக்கலாம் என்று தோன்றுகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலை அவள் பேசப் போகிறாள்.