தரையிலிருந்து மூன்றடி

வீட்டுக்குள் வரும் வெள்ளம் பெரும்பாலும் இரண்டு, மூன்று அடியோடு நின்றுவிடுகிறது. மின்விசிறிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர், வாஷிங் மெஷின் மோட்டார், பீரோவின் கீழ்த்தட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த பெட்டிகள் எல்லாம் அந்த மூன்றடிக்குள்தான் இருக்கின்றன. அம்மாவின் வீடு வேளச்சேரியில் தரைத்தளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தேங்கிய பகுதி. அந்த வீட்டுக்குக் காப்பீடு எடுக்கும் முன் பொருட்பட்டியல் போட உட்கார்ந்தபோது, அறை அறையாக, ஒவ்வொரு அறையிலும் கீழிருந்து மேலாக எழுதினேன்.

"வீட்ல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதா? எதுக்குடா லிஸ்ட்டு?" என்றாள் அம்மா.

"நமக்குத் தெரியும்மா. சர்வேயருக்குத் தெரியாதே."

இழப்பீடு கேட்டால் கம்பெனி அனுப்பும் சர்வேயர் நம் வீட்டை அதற்கு முன் பார்த்திராதவர். சேறு அப்பிய ஒரு குவியல்தான் அவர் கண்ணில் படும். பட்டியல் அவருக்காக எழுதப்படுவது. அதனால் விலை கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படம் எடுத்தேன். வாசலில் நின்று முழு அறை, பிறகு பொருள் மட்டும், கடைசியாக அதன் லேபிள். முழு அறைப் படம், பொருள் இந்த வீட்டில்தான் இருந்தது, இந்த உயரத்தில்தான் இருந்தது என்று சொல்லும். நாளை சுவரில் தண்ணீர் விட்டுப்போகும் கறைக்கோட்டோடு அதை ஒப்பிடலாம். லேபிளில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். அவை இல்லாவிட்டால், பட்டியலில் இருப்பது வெறும் 'ஒரு ஃப்ரிட்ஜ்'.

புத்தகங்களை ஒவ்வொன்றாக எழுத முடியாது. முதுகுப் பெயர்கள் படிக்கத் தெரிகிற மாதிரி தட்டுக்கு ஒரு படம் எடுத்து, எண்ணிக்கையை ஒரே வரியில் போட்டேன். துணி அலமாரிக்கும் அதே முறைதான், கதவைத் திறந்துவைத்து.

இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி முதலான தகவல்களும் போய்விடும். சீரியல் எண் மங்கினால் படம் எடுத்ததே வீண். அசல் கோப்புகளை பில்களின் படங்களோடு சேர்த்து கிளவுடில் ஏற்றி, பென்டிரைவில் ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். பட்டியலைப் பீரோவில் வைத்தால் பீரோவோடு அதுவும் நனையும்.

அடுத்தது விலை. எல்லா வரிகளிலும் வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, அதே தரத்தில் இன்று வாங்கினால் ஆகும் விலை என்று மூன்றும் வேண்டும். ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். ஆறு வருஷத்துக்கு முன் 18,000 ரூபாய்க்கு வாங்கியது. இன்று அதே கொள்ளளவு 26,000. பாலிசி புதுப்பொருளின் விலையைத் தருவதாக இருந்தால் 26,000-தான் கணக்கு. தேய்மானம் கழிக்கும் பாலிசியாக இருந்து, உதாரணத்துக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் கழித்தால், கையில் வருவது 10,400. எந்தக் கணக்கு என்று பாலிசி வாசகத்தில் தேட வேண்டும்.

கூட்டுத்தொகைக்கும் வேலை உண்டு. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருக ரக்ஷா' என்ற பொதுப் பாலிசியில், கட்டிடத்துக்குக் காப்பீடு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். கட்டிடத்துக்கு 25 லட்சம் என்றால் பொருட்களுக்கு 5 லட்சம். எங்கள் பட்டியல் 6 லட்சத்து 40 ஆயிரத்தில் நின்றது. ஆகவே விவரம் கொடுத்துக் கூடுதல் தொகைக்கு எடுத்தோம். நகை இந்தக் கணக்கில் சேராது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்தபின் செய்ய வேண்டியதையும் பட்டியலின் முதல் தாளிலேயே எழுதினேன். கழுவும் முன் கறைக்கோட்டைப் படம் எடு. உடனே கம்பெனிக்குத் தகவல் சொல். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் காயலான் கடைக்குப் போடாதே. ஃப்ரிட்ஜில் அழுகியதைப் படம் எடுத்துவிட்டுக் கொட்டலாம், ஃப்ரிட்ஜ் இருக்கட்டும்.

அம்மாவின் கூறைப்புடவை 1988-இல் 2,200 ரூபாய். இன்றைய விலைக் கட்டத்தில் அதே மாதிரிப் பட்டின் கடை விலையைப் போட்டேன். "அதே புடவை இப்ப எங்கடா கிடைக்கும்?" என்றாள். கல்யாண ஆல்பம், அப்பா எழுதிய கடிதங்கள், தாத்தாவின் டைரி ஆகியவற்றுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமே இல்லை. ஆல்பத்தை ஸ்கேன் செய்யலாம், காகிதத்துக்கு ஈடு யாரும் தரப்போவதில்லை. பட்டியலை வடிகட்டி, விலை நிரப்ப முடியாமல் மூன்றடிக்குள் இருந்த வரிகளை மட்டும் தனியே எடுத்தேன். ஏழு வரி. புடவையையும் சேர்த்து எட்டு. அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு எட்டையும் பரணில் ஏற்றினோம்.