அஞ்சு அடி ஆறா, அஞ்சு ஒன்பதா?

மனித உடம்பில் நீளமான எலும்பு எது என்று கேட்டால் ஸ்கூல் பிள்ளைகள்கூட "தொடை எலும்பு" என்று சொல்லிவிடும். அந்த ஒரு எலும்பை மட்டும் மேஜையில் வைத்து, "இந்த ஆள் எத்தனை அடி உயரம் டாக்டர்?" என்று கேட்டால்தான் விஷயம் இருக்கிறது. தடயவியல் மருத்துவத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்காத இன்ஸ்பெக்டரை இன்னும் பார்க்கவில்லை.

முதலில் அளக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். செருப்புக் கடையில் கால் அளக்க ஒரு பலகை வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று எங்களிடமும் உண்டு. ஒரு முனையில் அசையாத தடுப்பு, மறு முனையில் நகரும் தடுப்பு. எலும்பின் முழங்கால் பக்கத்தில் இரண்டு குமிழ்கள் இருக்கும். உள்பக்கக் குமிழை அசையாத தடுப்பில் முட்ட வைத்து, நகரும் தடுப்பை இடுப்புப் பக்கத்து உருண்டைத் தலை வரை தள்ளி, எலும்பை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டி, எது அதிகபட்சமோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு குமிழும் தடுப்பில் முட்டுகிற மாதிரி வைத்தால் சில மில்லிமீட்டர் குறையும். சூத்திரம் எந்த அளவைக் கேட்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஆள் வளர்ந்து முடித்தவராக இருக்க வேண்டும். எலும்பின் முனைகள் தண்டோடு முழுசாக ஒட்டியிருந்தால் சரி. இடையில் கோடு தெரிந்தால் பையன் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான் என்று அர்த்தம். பெரியவர்கள் சூத்திரம் அவனுக்குச் செல்லாது.

சரி, உயரம் எப்படி வரும்? தொடை எலும்பு நம் உயரத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 27 சதவீதம். அப்படியானால் ஏதாவது ஒரு எண்ணால் பெருக்கினால் போதுமே என்று தோன்றும். பழைய பாடப் புத்தகங்களில் 3.6-லிருந்து 3.8 வரை பெருக்கல் எண்கள் உண்டு. ஆனால் 45 சென்டிமீட்டர் எலும்பை 3.6-ஆல் பெருக்கினால் 162 சென்டிமீட்டர், 3.8-ஆல் பெருக்கினால் 171. ஒரே எலும்பு, ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசம்! தவிர, நெட்டையான ஆட்களுக்குக் கால்தான் அதிகம் நீளும். உடம்பும் தலையும் அந்த அளவுக்கு நீளாது. அதனால் வெறும் பெருக்கல் நெட்டையை இன்னும் நெட்டையாக்கி, குட்டையை இன்னும் குட்டையாக்கிவிடும்.

இதைச் சரிப்படுத்திய பெண்மணி மில்ட்ரெட் ட்ராட்டர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உடற்கூறு பேராசிரியை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளை அடையாளம் காண 1948-ல் ஹவாய்க்குப் போனார். பட்டாளத்தில் சேரும்போதே அளந்து எழுதிய உயரம் ஃபைலில் இருந்தது. எதிரே அதே ஆளின் எலும்பு. இரண்டையும் வைத்து கோல்டீன் க்ளெஸர் என்ற புள்ளிவிவர நிபுணருடன் சேர்ந்து 1952-ல் சூத்திரங்களை வெளியிட்டார். வெள்ளைக்கார ஆண்களுக்கான கணக்கு இது: தொடை எலும்பு நீளத்தை 2.38-ஆல் பெருக்கி, 61.41 கூட்டிக்கொள்ளுங்கள். 45 சென்டிமீட்டர் எலும்புக்கு 168.5 வரும். ஏறக்குறைய அஞ்சு அடி ஆறரை அங்குலம்.

அப்பாடா, விடை வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அந்தச் சூத்திரத்தின் வாலில், கூட்டவோ கழிக்கவோ 3.27 என்று ஒரு எண் தொங்குகிறது. ஒரே நீள தொடை எலும்பு உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு முதுகு நீளம், ஒருவருக்குக் கழுத்து நீளம். எலும்புக்கு அதெல்லாம் தெரியாது. மூன்று பேரில் இரண்டு பேர் அந்த 3.27-க்குள் அடங்குவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை அடக்க வேண்டுமானால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். ஆக, நம் ஆள் 162-லிருந்து 175 வரை எங்கேயும் இருக்கலாம். அதாவது அஞ்சு அடி நாலு முதல் அஞ்சு அடி ஒன்பது வரை.

முதுகைப் பற்றி எலும்புக்குத் தெரியாது என்பதற்கு ஒரு ராஜாவே சாட்சி. 2012-ல் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஒரு கார் பார்க்கிங்கைத் தோண்டியபோது மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. கணக்குப் போட்டால் சுமார் அஞ்சு அடி எட்டு அங்குலம். அந்தக் காலத்துக்கு நல்ல உயரம். ஆனால் அவர் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதனால் நேரில் பார்த்தவர்களுக்கு அதைவிடக் குள்ளமாகத்தான் தெரிந்திருப்பார்.

"இதெல்லாம் வேண்டாம் டாக்டர், ஒரே நம்பரா சொல்லிடுங்க, எஃப்.ஐ.ஆரோடு சேர்த்துடறேன்" என்று ஒரு இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். பாழுங்கிணறு ஒன்றைத் தூர் வாரும்போது எலும்புகள் கிடைத்திருந்தன. இடுப்பெலும்பைப் பார்த்ததில் ஆண். தொடை எலும்பு 45 சென்டிமீட்டர். "162-லிருந்து 175" என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அதுவும் அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்களை வைத்துச் செய்த கணக்கு, நம் ஊர் உடம்புக்கு இன்னும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

காணாமல் போன ஆட்களைத் தேடி இரண்டு குடும்பங்கள் வந்தன. முதலாவதில் அண்ணன்காரர் வந்திருந்தார். தம்பி எவ்வளவு உயரம் என்று கேட்டால், "என் காது மட்டத்துக்கு வருவான் சார்" என்றார். நம் ஊரில் உயரத்தை அளந்து வைத்துக்கொள்கிறவர்கள் யார்? செருப்பைக் கழற்றச் சொல்லி அவரையே சுவரோரம் நிற்க வைத்தேன். கையை வைத்துக் காட்டச் சொன்னேன். டேப்பில் 166 வந்தது. 168.5 என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், "ரெண்டரை சென்டிமீட்டர் இடிக்குதே" என்று அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

166 பொருந்துகிறது என்பதால் அது தம்பிதான் என்று ஆகிவிடாது. 162-க்கும் 175-க்கும் நடுவில் பாதி ஊரே நிற்கும். தம்பி இடது முன்கையை ஒருமுறை ஒடித்துக்கொண்டவர். வீட்டுப் பரணில் அந்தப் பழைய எக்ஸ்ரே இருந்தது. ஒட்டிய இடத்து முண்டும் எங்கள் எலும்பில் இருந்த முண்டும் ஒன்றாக இருந்தன. அண்ணன் எதுவும் பேசவில்லை. எலும்புகளை எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது குடும்பத்தில் வந்தவர் ஒரு அம்மா. இந்த எக்ஸ்ரேயெல்லாம் வருவதற்கு முன்பே வந்து போய்விட்டார். அவர் மகன் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனபோது அளந்து கொடுத்த சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். 180 சென்டிமீட்டர். எந்தப் பக்கம் தளர்த்தினாலும் அந்த 45 சென்டிமீட்டர் எலும்புக்கு அது எட்டவே எட்டாது. "அம்மா, இது உங்க பையன் இல்லை" என்றேன். தொடை எலும்பால் அடித்துச் சொல்ல முடிந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த அம்மா சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "அப்ப எங்கயோ நல்லா இருக்கான், இல்லீங்களா?" என்று கேட்டார். அதற்குச் சூத்திரம் கிடையாது.