கடிகாரத்தோடு ஓர் உடன்படிக்கை

சென்ற ஆண்டு, பட்டணத்து வாசகசாலையொன்றில் புதுப்பிக்கத்தக்க மின்சக்தியைப் பற்றி 15 நிமிடம் பேசுமாறு நம்மை அழைத்திருந்தனர். நீர், வெயில் என விரித்துக்கொண்டே போனோம். தலைவர் மணியடித்தபோது, நாம் சொல்ல வந்த பொருளையே தொட்டிருக்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்திருந்த பெரியவரொருவர், "ஐயா, ராத்திரி வெளக்குக்கு என்ன வழின்னு சொல்லாமலே எறங்கிட்டீங்களே!" என்று கேட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். அதற்குரிய விடையோ நமது கையிலிருந்த தாளிலேயே கிடந்தது.

இவ்வாண்டு மீண்டும் அழைப்பு வந்தது. முதலில், நின்றபடி உரக்க வாசித்துப் பார்த்தோம். மனத்துக்குள் வாசிப்பது கணக்காகாது. அது பேச்சைவிட விரைந்தோடும். நிமிடத்துக்கு 90 சொற்கள் வந்தன. மூச்சுக்கும் இடைநிறுத்தத்துக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கி, 14 நிமிடத்துக்கு 1,260 சொற்களே எழுதினோம்.

பின்னர், ஓரத்தில் சிவப்பு மையால் குறியிட்டோம். முன்னுரை முடியுமிடத்தில் 2, நீர் முடியுமிடத்தில் 6, வெயில் முடியுமிடத்தில் 10, முடிவுரை தொடங்குமிடத்தில் 13½. கூட்டங்கள் குறித்த மணிக்குத் தொடங்குவது அரிது. ஆதலால் மணியை எழுதாமல், கடந்த நிமிடத்தையே எழுதினோம். குறி பத்தியின் முடிவில்தான் நிற்கவேண்டும். வாக்கியத்தின் நடுவே நின்றால், கண் கடிகாரத்துக்கும் நா அவசரத்துக்கும் போய்விடும்.

விட்டாலும் பொருள் கெடாத பத்தி ஒன்றைக் கட்டம் கட்டி, "1 நிமிடம்" என்று அருகே எழுதிவைத்தோம். 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தெங்கே நீர்த்தேக்கத்தில் திறக்கப்பட்ட மிதக்கும் சூரிய மின்நிலையத்தைப் பற்றிய பத்தி அது. முடிவுரையை மட்டும் எக்காரணத்தாலும் குறைப்பதில்லை என உறுதி கொண்டோம்.

மேடையேறியதும் கைக்கடிகாரத்தின் முட்களைப் பன்னிரண்டில் நிறுத்திவைத்து, முதற்சொல்லோடு ஓடவிட்டோம். "6" என்ற குறியை அடைந்தபோது முள் 7இல் நின்றது. காரணம் உடனே விளங்கிற்று. சரவாக்கின் பாக்குன் அணையின் ஆற்றல் 2,400 மெகாவாட். தாளில் இரண்டே சொல்; சபையிலோ "இரண்டாயிரத்து நானூறு" என்று நிறுத்திச் சொல்லி, அவ்வளவு மின்சாரம் என்றால் எவ்வளவு என்பதையும் விளக்கவேண்டியதாயிற்று. எண் நிறைந்த பக்கம் எப்போதும் இப்படியே காலத்தை விழுங்கும்.

நாம் விரையவில்லை. விரைந்தால் சபையோர் முகம் நம்மை விட்டு அகன்றுவிடும். கட்டமிட்ட பத்தியை ஓசையின்றித் தாண்டினோம். அடுத்த குறியில் முள் சரியாக 10இல் நின்றது.

பகல் வெயிலை மின்கலத்தில் சேர்த்து இரவில் விளக்கேற்றும் வழியை நிதானமாய் விளக்கினோம். மின்கலம் ஆண்டுதோறும் தேய்வதையும், ஒருநாள் அதை மாற்றவேண்டியிருப்பதையும் மறைக்கவில்லை. கடைசிச் சொல்லைச் சொன்னபோது முள் 15ஐத் தொட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அதே பெரியவர் எழுந்து, "அந்த மின்கலம் என்ன வெலைங்க?" என்றார்.